படம் காத்திருக்கட்டும்!

குரோம்பேட்டையில் ஒரு மண்டபம். 2022-ம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் பெரியப்பா காலமாகி ஓராண்டு நிறைந்த நாள்.

மாலை போட்ட படம் ஒரு பக்கம். வெள்ளைத் திரை மறு பக்கம். உறவினர்கள் சுமார் 100 பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெரியப்பாவின் வாழ்க்கையைப் படங்களாகக் காட்டப் போகிறோம். அவருடைய மகள் விளக்கிப் பேசுவார்" என்று அறிவித்தார்கள்.

அக்கா எழுந்தார். மைக்கை வாங்கினார். விளக்கை அணைத்தார்கள். படம் ஓடத் தொடங்கியது.

ஆம், ஓடத்தான் தொடங்கியது! மொத்தம் 110 படங்கள். படத்துக்கு 5 விநாடி. கடைக்காரர் அப்படி வீடியோவாகச் செய்து கொடுத்திருந்தார். 110 படங்களும் 9 நிமிடம் 10 விநாடியில் முடிந்துவிடும். நடுவில் நிற்காது.

முதல் மூன்று படங்களுக்கு அக்கா ஈடு கொடுத்தார். நான்காவது படம், பெரியப்பாவின் தாயார். அக்காவுக்குத் தொண்டை அடைத்தது. ஒரு நொடி நின்றார். படம் நிற்கவில்லை.

அதே நேரத்தில் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. சத்தம் அடங்கட்டும் என்று அக்கா காத்திருந்தார். படம் காத்திருக்கவில்லை.

அவர் மறுபடி பேச ஆரம்பித்தார். "இது எங்கள் அப்பா அம்மாவின் கலியாணம். 1970-ம் வருஷம்..."

திரையில் என்ன இருந்தது தெரியுமா? பேரனின் பிறந்தநாள் கேக்! முகமெல்லாம் கிரீம் பூசிக்கொண்டு பையன் நின்றான். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அக்கா திரும்பித் திரையைப் பார்த்தார். மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மீதிப் படங்கள் ஒரு சினிமாப் பாட்டோடு தாமாகவே ஓடி முடிந்தன.

அதை ஒரு சிறு தடங்கல் என்று எல்லாரும் மறந்துவிட்டார்கள். என்னால் மறக்க முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரே ஒரு படம்.

ஒன்பது பேர்

பெரியப்பா தாம்பரம் மின்ரயில் பணிமனையில் வேலை பார்த்தவர். 1963-ல் சேர்ந்தார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடிய காலம் அது. 1931-ல் தொடங்கிய அந்த ரயில், 2004-ல் நின்றுபோனது.

அந்த ரயில் பெட்டியின் முன்னால் ஒன்பது வாலிபர்கள் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. அதில் பெரியப்பாவை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். மற்ற எட்டுப் பேர் யார்?

அந்தப் படம் திரையில் வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் கையை உயர்த்தினார். பெரியப்பாவோடு வேலை பார்த்தவர். "இது நாங்க..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். 5 விநாடி முடிந்தது. படம் போய்விட்டது. அவர் கையை இறக்கிக்கொண்டார்.

சில மாதங்களில் அவரும் காலமாகிவிட்டார்.

ஒரு குடும்பத்தின் எட்டுப் பெயர்கள் 5 விநாடியில் நழுவிப்போயின. அவற்றைச் சொல்லக்கூடியவர் திரையிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். படங்களை யாரும் நிறுத்தாததால், அவரால் சொல்ல முடியவில்லை.

ஆகவேதான் சொல்கிறேன்: நினைவு நாளில் படம் காட்டிப் பேசுவதானால், படம் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டும். பேச்சு படத்தின் பின்னால் ஓடக்கூடாது.

பழைய வித்தை

இது ஒன்றும் புதுச் சட்டம் அல்ல. படம் காட்டிக் கதை சொல்வது நம் நாட்டில் சினிமாவுக்கும் முந்திய வித்தை.

பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் என்ற ஊர். அங்கே மகாதேவ் பட்வர்தன் என்பவர் 1892-ல் ஒரு காட்சி நடத்தத் தொடங்கினார். கண்ணாடித் துண்டுகளில் கையால் படம் எழுதி, வண்ணம் தீட்டி, விளக்கொளியில் திரைமேல் பெரிதாக விழச் செய்தார். 'ஷாம்பரிக் கரோலிகா' என்று அதற்குப் பெயர். மாயவிளக்கு என்று நாம் சொல்லலாம். புராணக் கதைகளைப் பேச்சோடும் பாட்டோடும் நடத்திக் காட்டினார்கள்.

அந்தக் கண்ணாடியை மாற்றுவது மனிதக் கை. ஆகவே, சொல்பவர் ஒரு வரி கூட்டிச் சொன்னால் படம் கூடுதலாக நிற்கும். சபை கைதட்டினால் இன்னும் சற்று நிற்கும்.

பிறகு பேசாத சினிமா வந்தது. அப்போதும் கொட்டகையில் ஒருவர் நின்று கதை சொன்னார். ஆனால் அவருடைய பாடு வேறு. பிலிம் தன் வேகத்தில் ஓடும். இவர்தான் அதன் பின்னால் ஓட வேண்டும். தினம் ஓடும் அதே படம் என்பதால் அவருக்கு அது மனப்பாடம் ஆகியிருக்கும். 1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேச ஆரம்பித்த பிறகு, அவருக்கு மெல்ல மெல்ல வேலை போயிற்று.

மாயவிளக்கில் படம் மனிதனுக்குக் காத்திருந்தது. சினிமாவில் மனிதன் படத்துக்கு ஓடினான்.

அப்பா இறந்து ஓராண்டான மகளுக்கு எது பொருந்தும்? அவள் தினமும் கொட்டகையில் கதை சொல்பவள் அல்ல. அந்தப் படங்களோடு அவள் பேசப்போவது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அவளுக்கு மாயவிளக்குத்தான் வேண்டும்.

இரண்டாம் ஆண்டு

2023-ல் பெரியப்பாவின் இரண்டாம் ஆண்டு நினைவு. இந்த முறை சேலையூரில் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். முப்பது பேர்தான். டி.வி. பெட்டியில் கம்ப்யூட்டரை இணைத்தோம்.

"நான் பேசமாட்டேன்பா. போன தடவை பட்டது போதும்" என்றார் அக்கா.

"இந்தத் தடவை நீங்க சொன்னாத்தான் படம் நகரும் அக்கா. நான் பக்கத்துலயே உக்காந்து கையால தள்றேன்" என்றேன்.

அதற்காக நாங்கள் செய்த ஏற்பாட்டை அப்படியே சொல்கிறேன்.

முதலில், 110 படங்களை 24 ஆகக் குறைத்தோம். ஒரே விசேஷத்தில் எடுத்த பத்துப் படங்களில் ஒன்று மட்டும் நின்றது. யாரும் எதுவும் சொல்வதற்கு இல்லாத படத்தை விலக்கினோம்.

படங்களை வீடியோவாக்கவில்லை. வீடியோ ஆக்கிவிட்டால் நேரமும் அதோடு உறைந்துபோகும். கடையில் கொடுப்பவர்கள், "வீடியோ வேண்டாம், படங்களைத் தனித் தனியாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் படங்களுக்கு 01, 02, 03 என்று வரிசையாகப் பெயர் வைத்தோம். வெறும் 1, 2 என்று வைத்தால் சில கருவிகள் 1-க்குப் பிறகு 10-ஐக் காட்டிவிடும்.

பவர்பாயிண்டில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். `Transitions` என்ற பக்கத்தில் `After` என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி இருந்தால் படம் தானாக ஓடும். அந்தக் குறியை எல்லாப் படங்களுக்கும் எடுத்துவிட வேண்டும். `On Mouse Click` மட்டும் இருந்தால் போதும்.

அட்டையில் என்ன எழுதுவது?

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை எடுத்துக்கொண்டோம். மேலே படத்தின் எண். அதன் கீழே சொல்ல வேண்டியது. கடைசிச் சொல்லின் கீழே சிவப்புக் கோடு.

அந்தச் சிவப்புக் கோடுதான் உயிர்நாடி. அட்டைகளின் பிரதி ஒன்று என்னிடமும் இருந்தது. அக்கா அந்தச் சொல்லைச் சொன்னதும் நான் மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுவேன். பிறகுதான் அடுத்த படம். "அடுத்தது போடு" என்று அக்கா சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு எழுதலாம்? அக்காவைப் படிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். அமைதியாகப் படித்தால், நிமிடத்துக்கு 80 சொற்கள் வந்தன. ஒரு படத்துக்கு 40 விநாடி என்று வைத்துக்கொண்டோம். அதில் முதல் 3 விநாடி மௌனம். ஜனங்கள் முதலில் படத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசினால் காதில் ஏறாது. முடிவிலும் ஒரு சிறு இடைவெளி. ஆக, 45 சொற்களுக்குமேல் ஓர் அட்டையில் எழுதவில்லை. 24 படங்களுக்கு 16 நிமிடம்.

என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். "இதில் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லக்கூடாது. சிரிப்பது எல்லாருக்கும் தெரிகிறதே! படத்தில் தெரியாததைச் சொல்ல வேண்டும். ஏன் சிரிக்கிறார்? படம் எடுத்தது யார்? மறுநாள் என்ன நடந்தது?

கலியாணப் படத்துக்கு அக்கா முதலில் எழுதியது இது: "இது அப்பா அம்மாவின் கலியாணப் படம். இருவரும் மாலையும் கழுத்துமாக அழகாக இருக்கிறார்கள்."

அடித்துவிட்டு மறுபடி எழுதினார்: "1970, வைகாசி. அப்பா கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அவருடையது அல்ல. இரவல். திரையில் உங்கள் இடது கைப் பக்கம் ஓரமாக நிற்கிறாரே, என் சின்ன மாமா, அவருடையது. மூன்று மாதம் கழித்துத்தான் அப்பா சொந்தமாக ஒன்று வாங்கினார். கடைசிவரை அவர் கட்டியிருந்தது அந்தக் கடிகாரம்."

கடைசிச் சொல் 'கடிகாரம்'. அதன் கீழே சிவப்புக் கோடு.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 'இடது பக்கம்' என்று மட்டும் சொன்னால் குழப்பம். படத்தில் இருப்பவருக்கு இடதா, பார்க்கிறவருக்கு இடதா? 'உங்கள் இடது கைப் பக்கம்' என்று சொன்னால் முப்பது தலையும் ஒரே பக்கம் திரும்பும்.

குரல் உடைந்தால்?

அழுகை வரும். வரத்தான் செய்யும். அதற்கும் ஏற்பாடு வேண்டும்.

அட்டைகளின் மூன்றாவது பிரதியை அண்ணன் கையில் கொடுத்து, அக்காவின் பக்கத்தில் நிற்க வைத்தோம். அக்காவுக்குக் குரல் உடைந்தால், படம் அப்படியே நிற்கும். யாரும் அவசரப்பட மாட்டோம். அரை நிமிடம் ஆகியும் முடியவில்லை என்றால், அடுத்த படத்திலிருந்து அண்ணன் படிப்பார். பாதி அட்டையில் புகுந்து பிடுங்கக்கூடாது. அது பேசுகிறவரை அவமானப்படுத்துவது போல ஆகும்.

கடைசிப் படம் பெரியப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எடுத்தது. மெலிந்த உருவம். அது திடீரென்று வந்தால் பெரியம்மா தாங்கமாட்டார். ஆகவே அந்த ஒரு படத்துக்கு மட்டும் வரிசையை மாற்றினோம். முதலில் பேச்சு, பிறகு படம். பவர்பாயிண்டில் படம் காட்டும்போது `B` என்ற எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும். மறுபடி அழுத்தினால் படம் வரும். ஆகவே திரையைக் கறுப்பாக்கினேன். அக்கா சொல்லி முடித்தார். பெரியம்மா தலையை அசைத்தார். அதற்குப் பிறகே படத்தைக் கொண்டுவந்தேன்.

அக்கா திரும்பித் திரும்பித் திரையைப் பார்க்கவும் தேவை ஏற்படவில்லை. கம்ப்யூட்டரை அவருக்கு எதிரே வைத்திருந்தோம். திரையில் உள்ளதே அதிலும் தெரியும். அவர் முகம் உறவினர்களைப் பார்த்தபடி இருந்தது.

அதனால் ஒரு நன்மை. எந்தப் படத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அந்த முகங்களே சொல்லிவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து கிசுகிசுத்தால், யாரையோ அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று அர்த்தம். படத்தை நிறுத்தி வைக்க வேண்டும். கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தால், போதும், நகரலாம் என்று அர்த்தம்.

மறுப்பும் பதிலும்

"துக்கத்தில் இருப்பவர்களைப் பேசச் சொல்வது கொடுமை. பாட்டைப் போட்டுப் படத்தைத் தானாக ஓடவிடுவதே நல்லது" என்று சொல்பவர்கள் உண்டு.

அதில் பாதி நியாயம் இருக்கிறது. பேச மனம் இல்லாதவரைப் பேசச் சொல்லக்கூடாது. பந்தி நடக்கும்போது ஒரு மூலையில் படங்கள் தாமாக ஓடிக்கொண்டிருக்கட்டும். போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். அங்கே யாரும் பேசப்போவதில்லை. ஆகவே யாரும் தடுமாறப்போவதும் இல்லை.

ஆனால் ஒருவர் எழுந்து நின்று மைக்கைப் பிடித்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து கடிகாரத்துக்கு அங்கே வேலை இல்லை. பேச்சும் தானோட்டமும் ஒன்றாகச் சேரக்கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு பெயர்கள்

நாங்கள் கணக்கிட்டது 16 நிமிடம். ஆனது 23 நிமிடம். அந்த ஏழு நிமிடம் எங்கே போயிற்று?

ஒன்பது பேர் நிற்கும் அந்த ரயில் படத்தை வேண்டுமென்றே நடுவில் வைத்திருந்தோம். அதற்கான அட்டையில் ஒரே வரி: "இதில் அப்பாவைத் தவிர யாரையும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

படம் நின்றது. யாரும் பேசவில்லை. சுமார் அரை நிமிடம் போயிருக்கும். எனக்கே கை துறுதுறுத்தது. அடுத்த படத்துக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

"அந்த மீசைக்காரர் கொஞ்சம் பெரிசாத் தெரியற மாதிரி செய்ய முடியுமாப்பா?" என்று கேட்டார் பெரியம்மா.

பெரிதாக்கினேன்.

"இவருதான் எங்க கலியாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி வந்து வாழைமரம் கட்டினவரு" என்றார். பெயரைச் சொன்னார். ஊரையும் சொன்னார். அவரைப் பற்றிச் சொல்லும்போதே அடுத்தவர் ஞாபகம் வந்தது. அடுத்தவரிடமிருந்து இன்னொருவர். ஐம்பது வருஷத்துக்கு முந்திய தாம்பரம் ரயில்வே குடியிருப்பு அவர் வாயிலிருந்து ஒவ்வொரு வீடாக வெளியே வந்தது. படம் ஆறு நிமிடத்துக்குமேல் அங்கேயே நின்றது. யாரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை.

மேஜைமேல் ஒரு கைப்பேசி எல்லாப் பேச்சையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அன்றிரவே அதைக் கேட்டு, படத்தின் பின்பக்கம் பெயர்களை எழுதினோம். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதினோம். பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும்.

எட்டுப் பேரில் நான்கு பேருக்குப் பெயர் கிடைத்தது. மீதி நான்கு பேரைப் பெரியம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவர் 2022-ல் கையை உயர்த்தினார்.

அப்போது படத்தை யாரும் நிறுத்தவில்லை.